கிளிப்பச்சைச் சுவரும் மணப்பெண்ணின் கன்னமும்: சுவர் நிறத்தைப் படத்திலிருந்து நீக்குதல்

கல்யாண மண்டபங்களில் மணப்பெண்ணுக்கென்று ஒதுக்கப்படும் அறை பெரும்பாலும் சிறியது. ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப் பக்கம் கிளிப்பச்சையோ ரோஸோ வான்நீலமோ அடித்த சுவர், நடுவில் ஒரு நாற்காலி. அலங்காரம் முடிந்த கையோடு படம் எடுக்க வேண்டிய இடம் அதுதான். ஜன்னல் பக்கத்துக் கன்னம் அழகாக வந்திருக்கும். மறுபக்கக் கன்னத்திலும், தாடைக்குக் கீழும், கழுத்திலும் பச்சை ஏறியிருக்கும். எடுக்கும்போது நம் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் மூளை அந்த அறைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டுவிடுகிறது. ஆல்பத்துக்கான படங்களைத் திரையில் திறக்கும்போதுதான் முகத்தின் பாதி வெளிறிப் பச்சை பாரித்திருப்பது தெரிகிறது.

இந்தப் பச்சையைத் தோலின் மேல் படிந்த கறையாக நினைத்துக்கொண்டு அதன் மேல் வேறொரு நிறத்தைப் பூசுவதுதான் பலரும் செய்யும் வேலை. உண்மையில் அது கறை அன்று, கூடுதலாக வந்து விழுந்த வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டு, சுவர் தன் நிறத்தை அதில் ஏற்றி, அறை முழுவதும் சிதறடிக்கிறது. அந்தச் சுவர் அப்போது பச்சைத் துணி போர்த்திய பெரிய விளக்கு என்றே சொல்லலாம். 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலை ஆய்வாளர்கள், நிறமுள்ள பக்கச் சுவர்கள் கொண்ட ஒரு பெட்டியை மாதிரியாக வைத்து, பளபளப்பில்லாத பரப்புகளுக்கு இடையே ஒளி எப்படிப் போய்வருகிறது என்பதைக் கணக்கிட்டார்கள். சுவரின் நிறம் பக்கத்துப் பரப்பில் கசிவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கணினி வரைந்த அறை உண்மையான அறையைப் போல இருக்காது என்பது அந்த ஆய்வு காட்டியவற்றில் ஒன்று. அவர்கள் சேர்த்துக் காட்டியதைத்தான் நாம் கழித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

வொயிட் பேலன்ஸ் இதை ஏன் சரிசெய்வதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். வொயிட் பேலன்ஸ் என்பது படம் முழுவதற்கும் ஒரே அளவாகச் செய்யப்படும் திருத்தம். இங்கே இருப்பதோ இரண்டு வெளிச்சங்கள். ஒன்று ஜன்னலிலிருந்து, மற்றொன்று சுவரிலிருந்து. பச்சை ஏறிய கன்னத்தைப் பார்த்து டின்ட்டை மெஜந்தா பக்கம் தள்ளினால் அந்தக் கன்னம் தேறும். ஜன்னல் பக்கக் கன்னமும், பூவும், வெள்ளைச் சட்டை போட்டு அருகில் நிற்கும் அப்பாவும் ஊதா அடித்துப்போவார்கள். ஆட்டோ வொயிட் பேலன்ஸ் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை எடுத்து இரு பக்கத்தையும் கெடுத்துவிடும். ஆகவே முதல் முடிவு இதுதான்: வொயிட் பேலன்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு மட்டும் சரியாக வைக்க வேண்டும். கிரே கார்டை மணப்பெண்ணின் முகத்தருகே பிடிக்கும்போது அதைச் சுவர்ப் பக்கம் சாய்க்காமல் ஜன்னலை நோக்கித் திருப்பிப் பிடிக்க வேண்டும். சுவரின் பங்கைத் தனியாக, அது விழுந்த இடத்தில் மட்டும் கழிக்க வேண்டும்.

எவ்வளவு கழிப்பது என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்வது எனக்குச் சரியாக வந்ததில்லை. அளந்து பார்ப்பதே நல்லது. ஃபோட்டோஷாப்பில் ஐட்ராப்பரின் அளவை 5 by 5 Average என்று வைத்து, Info பேனலைத் திறந்து, இரு கன்னங்களிலும் ஒத்த இடங்களைப் பார்க்க வேண்டும். உதட்டருகிலும் ரூஜ் பூசிய இடத்திலும் அளக்கக் கூடாது, அங்கே தோலின் நிறமே வேறு. நான் இங்கே எடுத்துக்கொள்ளும் படத்தில் ஜன்னல் பக்கக் கன்னம் சிவப்பு 205, பச்சை 160, நீலம் 135. சுவர்ப் பக்கக் கன்னம் சிவப்பு 150, பச்சை 138, நீலம் 96. இரண்டாவது இருண்டிருப்பது இயல்பு, அது நிழல் பக்கம். பார்க்க வேண்டியது சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள இடைவெளியை. வெளிச்சத்தில் 45 இருந்த இடைவெளி நிழலில் 12 ஆகச் சுருங்கியிருக்கிறது. இதையே சாயல் கோணமாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். Info பேனலில் HSB என்று மாற்றினால் முதல் கன்னத்தின் H ஏறத்தாழ 21 பாகை, இரண்டாவது 47 பாகை. மாநிறமோ கறுப்போ சிவப்போ, மனிதத் தோலின் வெளிச்சமும் அடர்த்தியும் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுமே தவிர, சாயல் கோணம் குறுகிய எல்லைக்குள்தான் நிற்கும். ஒரே முகத்தில் 21இலிருந்து 47க்குத் தாவினால் அது தோலின் வேலை அன்று, சுவரின் வேலை.

நிழல் பக்கக் கன்னம் பச்சை ஏறாமல் இருந்திருந்தால் அதன் அளவு என்னவாக இருந்திருக்கும்? தோல் ஒன்றே என்பதால், வெளிச்சப் பக்கத்தில் சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதமே நிழலிலும் இருந்திருக்க வேண்டும். திரையில் காணும் எண்கள் ஒளியின் நேரடி அளவுகள் அல்ல. இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் எண்களை ஒதுக்கும் காமா வளைவு ஏற்றப்பட்டவை. அதை நீக்கி, விகிதத்தைக் கணக்கிட்டு, மறுபடியும் காமா ஏற்றினால், சிவப்பு 150க்கு உரிய பச்சை 116, நீலம் 98 என்று வருகிறது. நீலத்தில் இரண்டே இரண்டு எண் வித்தியாசம், அதை விட்டுவிடலாம். திருத்த வேண்டியது பச்சைச் சேனல் ஒன்றைத்தான், 138இலிருந்து 116க்கு. சுவர் சிவப்பையும் கொஞ்சம் அனுப்பியிருக்கும். ஆனால் அந்தப் பங்கு வெளிச்சத்தைக் கூட்டுமே தவிர நிறத்தைத் திரிக்காது என்பதால் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இப்போது ஒரு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயரைத் திறந்து, Green சேனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் வளைவின் நடுவில் ஒரு புள்ளி வைத்துக் கீழே இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் நடுத்தர வெளிச்சமுள்ள இடங்கள் சரியாகி, அதைவிட வெளிச்சமான இடத்தில் பச்சையும், இருண்ட இடத்தில் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக நிற்கும். ஒளியின் விகிதத்தை மாற்றுவது பெருக்கல் கணக்கு. பெருக்கலுக்கு உரிய கோடு வளையாத நேர்கோடு. 116ஐ 138ஆல் வகுத்தால் 0.84, 255ஐ அதனால் பெருக்கினால் 214. ஆகவே கோட்டின் மேல் வலது முனையைப் பிடித்து Output 214 என்று இறக்க வேண்டும். கீழ் இடது முனை பூஜ்யத்திலேயே இருக்கட்டும், நடுவில் புள்ளி எதுவும் வேண்டாம். இப்போது Input 138க்கு Output தானாகவே 116 வரும். கன்னத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் பச்சை ஒரே விகிதத்தில் குறையும், தோலின் நுணுக்கம் அப்படியே நிற்கும்.

படம் முழுவதும் இந்நேரம் மெஜந்தாவாக மாறியிருக்கும். அந்த லேயரின் மாஸ்க்கை Ctrl+I கொடுத்துக் கறுப்பாக்கினால் திருத்தம் மறையும். பிறகு விளிம்பு மென்மையான பிரஷ்ஷை எடுத்து, Flow 8 அளவில் வைத்து, வெள்ளை நிறத்தால் பச்சை ஏறிய இடங்களில் மெல்ல மெல்லத் தீட்ட வேண்டும். எங்கே எவ்வளவு தீட்டுவது என்பதற்கு முகத்தின் வடிவம்தான் வழிகாட்டி. சுவரை நேராகப் பார்க்கும் பரப்பு, அதாவது காதுக்கு முன்னுள்ள கன்னமும் தாடையின் பக்கமும், முழுப் பங்கைப் பெறுகிறது. ஜன்னல் பக்கம் திரும்பத் திரும்ப அது குறைந்து, மூக்குத் தண்டில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மூக்கின் சுவர்ப் பக்கச் சரிவை மறக்கக் கூடாது. சிறிய இடம்தான், ஆனால் முகத்தின் நடுவில் இருப்பதால் அங்கே எஞ்சும் பச்சை உடனே கண்ணில் குத்தும்.

ஒன்றை மட்டும் நிதானமாகக் கவனிக்க வேண்டும். பச்சை அதிகமாகத் தெரியும் இடம், சுவர் வெளிச்சம் அதிகமாக விழும் இடம் என்பதில்லை. நிறம் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்பது சுவர் வெளிச்சத்துக்கும் ஜன்னல் வெளிச்சத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. தாடைக்குக் கீழே, கழுத்தின் மேல் பகுதியில், ஜன்னல் வெளிச்சம் எட்டவே எட்டாது. அங்கே விழுவது குறைந்த வெளிச்சம்தான், ஆனால் அது பெரும்பாலும் சுவரிலிருந்து வருவது. அதனால் படத்திலேயே இருண்ட இடம் படத்திலேயே பச்சையான இடமாக நிற்கும். கன்னத்துக்கு எழுதிய கோடு அங்கே போதாது. கழுத்துக்கு இன்னொரு Curves லேயர் தனியாகப் போட்டு, அந்த இடத்தை அளந்து, அதற்குரிய Output கண்டுபிடித்துக் கொடுப்பதே சரி. ஒரே லேயரில் எல்லாவற்றையும் முடிக்க முயன்று கன்னத்தை ஊதாவாக்கிய படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருத்தத்துக்குப் பின் கன்னம் கொஞ்சம் இருண்டிருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவதில் பச்சைச் சேனலுக்குத்தான் பெரும்பங்கு. திரைகளுக்கான வரையறையின்படி ஏறத்தாழ 72 விழுக்காடு. நம் கணக்கில் அந்தக் கன்னத்தின் ஒளி அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. அது குறையத்தான் வேண்டும், ஏனென்றால் சுவர் கொண்டுவந்து சேர்த்த வெளிச்சத்தை நாம் எடுத்துவிட்டோம். நிழல் நிழலாகத் தெரியும்போது முகத்துக்கு உருண்டை வடிவம் திரும்பி வருகிறது. நிழல் அதிகம் என்று வாடிக்கையாளர் நினைத்தால் RGB வளைவில் தனியாக ஏற்றிக் கொடுக்கலாம். அது வேறு முடிவு, நிறத் திருத்தத்தோடு அதைக் கலக்கக் கூடாது.

பரவலாகச் சொல்லித்தரப்படும் இன்னொரு வழி, புதிய லேயரை Color பிளெண்ட் மோடில் வைத்து, நல்ல கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து, பச்சைக் கன்னத்தின் மேல் தீட்டுவது. வேகமான வழி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது செய்வது என்ன என்று பார்க்க வேண்டும். Color மோட் கீழேயுள்ள படத்தின் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சாயலையும் அடர்த்தியையும் தூக்கி எறிந்துவிட்டு நாம் தீட்டிய ஒரே நிறத்தை வைக்கிறது. தோலோ ஒரே நிறம் உடையதன்று. கன்னத்தில் இரத்தச் சிவப்பு, கண்ணுக்குக் கீழே சற்றுக் கருநீலம், மூக்கருகே இன்னொரு சிவப்பு என்று பத்து நிறம் அதில் இருக்கிறது. எல்லாம் அழிந்து, மேல் பூச்சு பூசிய பொம்மை மாதிரி முகம் ஆகிவிடும். அதோடு சுவர் சேர்த்த வெளிச்சத்தையும் அது குறைக்காமல் விட்டுவிடுவதால், நிறம் சரியாக இருந்தாலும் முகம் தட்டையாகத் தெரியும். Curves திருத்தத்துக்குப் பின்னும் எஞ்சி நிற்கும் சிறு சிறு திட்டுகளுக்கு மட்டும், Opacity 20 அல்லது 30 அளவில் இதைப் பயன்படுத்துவேன். எண்ணெய்ப் பளபளப்புள்ள நெற்றி ஓரத்தில் இது உதவும், ஏனென்றால் அந்தப் பளபளப்பு தோலின் நிறத்தைக் காட்டுவதில்லை, சுவரையே கண்ணாடி போலக் காட்டுகிறது. அங்கே காப்பாற்ற வேண்டிய தோல் நிறம் அதிகம் இல்லை.

வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே Hue/Saturation லேயர் ஒன்றைப் போட்டு Saturation அளவை +60க்கு ஏற்றினால், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த பச்சையும், நாம் அதிகமாகத் தீட்டி உண்டாக்கிய ஊதாவும் கூச்சலிட்டுக்கொண்டு வெளியே வரும். தாடை விளிம்பிலும் முடி ஓரத்திலும்தான் ஊதா அதிகம் தங்கும், ஏனென்றால் பிரஷ் அங்கே தோலைத் தாண்டிப் போயிருக்கும். மாஸ்க்கைத் திருத்திய பின் இந்தச் சோதனை லேயரை அழித்துவிட வேண்டும். மறந்து அச்சுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பச்சை அனைத்தையும் துடைத்தெடுப்பதும் தவறு. மணப்பெண் கட்டியிருப்பது பச்சைப் பட்டாக இருந்தால், கழுத்தின் கீழ்ப்புறத்தில் விழும் பச்சையில் ஒரு பங்கு அவள் புடவையினுடையது. அது அங்கே இருக்க வேண்டியது. நெக்லஸும் ஜிமிக்கியும் பளபளப்பான உலோகம், சுற்றிலும் இருப்பதைக் காட்டுவதுதான் தங்கத்தின் குணம். அதிலிருந்து சுவரை முழுவதும் எடுத்துவிட்டால் நகை பித்தளை போல மந்தமாகிவிடும் என்பதால், மாஸ்க்கில் நகையை விட்டுவிட்டுத் தீட்டுவது நல்லது. சுவர் படத்தில் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தெரிந்தால் பத்தில் ஒரு பங்கு பச்சையைக் கன்னத்தில் விட்டுவைக்கிறேன்; இல்லாவிட்டால் ஆளை வெட்டி ஒட்டியது போலிருக்கும். சுவரைக் கத்தரித்துவிட்ட முகப்படம் என்றால் பச்சை எங்கிருந்து வந்தது என்பதற்குப் படத்தில் காரணமே இராது. அப்போது முழுவதும் நீக்கிவிடலாம்.

பொருள்களைப் படம் எடுப்பவர்களுக்கு இதே கணக்கு சில இடங்களில் எளிதாகவும் சில இடங்களில் கடினமாகவும் இருக்கும். வெள்ளை வேட்டி எளிது. அது வெள்ளை என்பது நமக்குத் தெரியும் என்பதால் மூன்று சேனலும் சமமாகும் வரை இறக்கினால் போதும். கரையை மட்டும் மாஸ்க்கில் விலக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சைக் கரை வேட்டி சாம்பல் கரை வேட்டியாகி வாங்கியவர் திருப்பி அனுப்புவார். எவர்சில்வர் பாத்திரத்தில் நிலைமை வேறு. அதில் சுவரின் நிறம் பரவி விழுவதில்லை, சுவரே படமாகத் தெரிகிறது, விளிம்போடு. நல்ல வேளையாக எவர்சில்வருக்குச் சொந்த நிறம் ஏறக்குறைய இல்லை என்பதால், Hue/Saturation லேயரில் Greens மட்டும் தேர்ந்து Saturation அளவைக் குறைத்தால் பச்சைப் பட்டை சாம்பல் பட்டையாகிவிடும். பித்தளைக் குத்துவிளக்கில் அந்த வித்தை பலிக்காது. பித்தளை தன் மஞ்சளைப் பச்சையோடு பெருக்கிக் காட்டுவதால், நிறத்தை வடித்தால் விளக்கின் பொன்மையும் கூடவே வடிந்துபோகும். அங்கே Saturation அளவைத் தொடாமல் Hue அளவை மட்டும் மஞ்சள் பக்கம் நகர்த்த வேண்டும்.

போலரைசர் போட்டால் போய்விடுமே என்று கேட்பவர்கள் உண்டு. பீங்கான், பிளாஸ்டிக், எண்ணெய் மினுக்குள்ள தோல் ஆகியவற்றின் பளபளப்பில் தெரியும் சுவரை அது குறைக்கும். தோலுக்குள் புகுந்து பரவி வெளிவரும் பச்சையை அது தொடாது. உலோகத்தில் தெரியும் சுவரையும் அது தனியாக நின்று நீக்காது.

திருத்தவே முடியாத படங்களும் இருக்கின்றன. அடர் சிவப்புச் சுவரருகே எடுத்த முகத்தில் சிவப்புச் சேனல் 255ஐத் தொட்டுவிட்டால் அந்த இடத்தின் விவரம் போனது போனதுதான். எவ்வளவு இறக்கினாலும் தட்டையான திட்டுதான் கிடைக்கும். பச்சைச் சுவரை விட ரோஸ் சுவர் தொல்லை கொடுப்பதும் இதனால்தான். தோலின் நிறத்தோடு ஒட்டிப்போவதால் எது சுவர், எது இரத்தம் என்று பிரிப்பது கடினம், சேனலும் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. நீலச் சுவரின் நிழலில் சிவப்புச் சேனல் வறண்டு கிடக்கும்; அதை ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். ஜேபெக் கோப்பில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அதில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். நிற விவரம் வேறு பெரும்பாலும் வெளிச்ச விவரத்தை விடக் குறைவாகவே சேமிக்கப்படுகிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் அதே திருத்தம் தாங்கும். இப்படிப்பட்ட அறைகளில் ரா எடுக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

இடத்திலேயே தடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்வது ஆளைச் சுவரிலிருந்து நகர்த்துவது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும் என்ற விதி சிறிய விளக்குக்குப் பொருந்தும். சுவர் பெரிய விளக்கு. 10 அடிக்கு 10 அடி சுவர் முழுவதும் சீராக வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் நடுவுக்கு நேரே 2 அடியில் இருந்தவரை 4 அடிக்கு நகர்த்தும்போது பச்சை வெளிச்சம் கால்பங்காகக் குறைவதில்லை, கால்பங்கு மட்டுமே குறைகிறது. 8 அடி தள்ளிப் போனால்தான் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வரும். மணப்பெண் அறையில் 8 அடி எங்கே கிடைக்கும்? அதைவிட ஒரு தெர்மாகோல் பலகையையோ கறுப்புத் துணியையோ, படத்தில் விழாத அளவுக்கு முகத்தருகே, சுவருக்கும் கன்னத்துக்கும் நடுவில் பிடிப்பது உடனே பலன் தரும். தெர்மாகோல் ஜன்னல் வெளிச்சத்தையே வெள்ளையாகத் திருப்பி அனுப்பி நிழலை நிரப்பும். கறுப்புத் துணி நிழலை ஆழமாக்கும். சுவரில் விழும் வெளிச்சத்தைக் குறைப்பது இன்னொரு வழி. ஜன்னல் திரையைப் பாதி இழுத்து, வெளிச்சம் ஆள் மேல் விழுந்து சுவரில் படாதபடி செய்தால், வெளிச்சம் பெறாத சுவர் எதையும் அனுப்பாது. ஃபிளாஷை அந்தச் சுவரில் அடித்துத் திருப்பும் பழக்கத்தை மட்டும் அங்கே கைவிட்டுவிட வேண்டும், அப்போது சுவர்தான் முதன்மை விளக்காகிவிடும். வெள்ளைக் கூரை இருந்தால் அதில் அடிக்கலாம், ஆனால் கூரையும் சுவரோடு சேர்த்துக் கிளிப்பச்சையாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.